உங்க வயசு என்ன? சரி, எந்தத் தேதிக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு சின்ன கட்டத்தைப் பத்திப் பேசப் போறேன். எல்லா அப்ளிகேஷன் ஃபார்ம்லயும் இருக்கும். பேர், அப்பா பேர், அதுக்குக் கீழ "வயது". ரெண்டு இலக்கம் போடுற அளவுக்குத்தான் இடம் இருக்கும். நாமளும் யோசிக்காம போட்டுட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவோம்.

அந்தக் கட்டத்தை நான் ஒரு தடவை தப்பாக் கட்டினேன். அதனால ஒருத்தர் ராத்திரி முழுக்க பஸ்ல உக்காந்து சென்னைக்கு வந்து, வெறுங்கையோட திரும்பிப் போனார். அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

2024-ல ஒரு அறக்கட்டளைக்காக ஃப்ரீலான்ஸா ஒரு ஃபார்ம் செஞ்சு கொடுத்தேன். எந்த அறக்கட்டளைன்னு சொல்லப் போறதில்ல, ஏன்னா தப்பு பெரும்பாலும் என்னோடது. மாசாமாசம் உதவித்தொகையோட ஒரு வருஷத் தொழிற்பயிற்சி. விதி ரொம்ப எளிமை: 2024 ஜூலை 1 அன்று 18 வயது நிரம்பியிருக்கணும், 30 வயது நிரம்பியிருக்கக் கூடாது. எனக்கு வந்த டாக்குமெண்ட்ல இது அப்படியே இருந்தது. நான் படிச்சது "18, 30" அவ்வளவுதான். நடுவுல இருந்த தேதி கண்ணுல பட்டுச்சு, ஆனா மண்டையில ஏறல. வயது கட்டத்துல குறைஞ்சது 18, அதிகபட்சம் 29-னு போட்டு, டெஸ்ட் பண்ணி, அனுப்பிட்டேன்.

ஃபார்ம் ஏப்ரல் மாசம் திறந்தது. ரெண்டாவது வாரத்துலயே ஒரு பொண்ணுகிட்டேர்ந்து மெயில். "அண்ணா, நான் 2006 ஜூன் 11 பிறந்தேன். ஜூலை 1-க்கு எனக்கு 18 முடிஞ்சிருக்கும். ஆனா இப்போ 17-ன்னு போட்டா ஃபார்ம் சிவப்பாகுது, 18-ன்னு போட்டா பொய் சொன்ன மாதிரி ஆகுது. எதைப் போடட்டும்?" ரொம்ப நியாயமான கேள்வி. அந்தப் பொண்ணு விதியைச் சரியாப் படிச்சிருக்கா, ஃபார்ம் எழுதின நான் படிக்கல.

அப்போ நான் என்ன செஞ்சேன்னா, குறைஞ்சபட்சத்தை 18-லேர்ந்து 17-ஆ மாத்திட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. பிரச்சினை முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

ஜூலை மாசம் சான்றிதழ் சரிபார்ப்பு. ஸ்கேன் பண்ற வேலைக்கு உதவியா நானும் போயிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வந்திருந்தார். அவரோட பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல பிறந்த தேதி 24 மே 1994. ஏப்ரல் 15-ஆம் தேதி ஃபார்ம் போடும்போது அவருக்கு 29. ஃபார்ம் பச்சை டிக் காட்டியிருக்கு. ஆனா ஜூலை 1 அன்னிக்கு அவருக்கு 30 வருஷம் 1 மாசம் 7 நாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் கணக்குப் போட்டுட்டு "தகுதி இல்ல"ன்னு எழுதிட்டார். அவர் கோபப்படல. "ஃபார்ம் ஏத்துக்கிச்சே சார், அப்புறம் எப்படி?"ன்னு மட்டும் கேட்டார். பக்கத்துல நின்ன எனக்குத்தான் பதில் தெரியும், ஆனா வாயே வரல.

இப்போ நாம அந்தப் பதிலைப் பார்க்கலாம்.

வயசுங்கறது ஒரு தகவல் மாதிரி தெரியும், ஆனா அது ஒரு கணக்கோட விடை. ரெண்டு தேதி வேணும்: ஒண்ணு நீங்க பிறந்தது, இன்னொண்ணு எந்தத் தேதி வரைக்கும் எண்ணுறோம்ங்கறது. முதல் தேதி மாறாது. ரெண்டாவது தேதியை ஃபார்ம் சொல்லலைன்னா, நாம எல்லாரும் தானாவே "இன்னிக்கு"ன்னு வச்சுப்போம். ஆனா தகுதி விதி எழுதுறவங்க கிட்டத்தட்ட ஒருபோதும் "இன்னிக்கு"ன்னு நெனச்சு எழுதுறதில்ல. விண்ணப்பிக்க ஒரு மாசம் கொடுத்தா, முதல் நாள் போட்டவருக்கும் கடைசி நாள் போட்டவருக்கும் ஒரே அளவுகோல் வேணும் இல்லையா? அதுக்காக ஒரு தேதியைக் குத்தி வச்சுடுவாங்க.

அந்தத் தேதி நீங்க ஃபார்ம் போடுற நாளுக்கு முன்னாலயும் இருக்கலாம், பின்னாலயும் இருக்கலாம். பெரிய தேர்வுகள்ல பல தடவை அது பின்னாலதான் இருக்கு. 2024 சிவில் சர்வீஸ் தேர்வுக்கு யூபிஎஸ்சி அறிவிக்கை வந்தது பிப்ரவரி 14. வயசு எண்ண வேண்டிய தேதி ஆகஸ்ட் 1, 2024. அஞ்சரை மாசம் தள்ளி. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிக்கை 2024 ஜனவரி கடைசியில வந்தது, வயசு எண்ணினது ஜூலை 1, 2024-க்கு. அதாவது நீங்க ஃபார்ம்ல போட வேண்டியது, இனிமே வரப் போற ஒரு நாள்ல உங்களுக்கு இருக்கப் போற வயசு.

இது ரெண்டு முனையிலயும் நேர் எதிரா வேலை செய்யும். என் அத்தை பையன் ஒருத்தன் 1992 ஜூன் 20 பிறந்தவன்னு வச்சுக்குங்க. பொதுப் பிரிவுல சிவில் சர்வீஸ் மேல் வரம்பு 32. 2024 பிப்ரவரியில அவனுக்கு 31. "இன்னும் ஒரு வருஷம் இருக்கு"ன்னு சந்தோஷமா இருப்பான். ஆகஸ்ட் 1 வரும்போது 32 முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும். ஆட்டத்துலயே இல்ல. அதே ஜூன் 20-ல, ஆனா 2003-ல பிறந்த தங்கச்சி ஒருத்தி இருந்தா, பிப்ரவரியில அவளுக்கு 20தான். குறைஞ்சபட்சம் 21. "எனக்கு இன்னும் வயசாகல"ன்னு ஃபார்ம் பக்கமே போகாம இருப்பா. ஆனா ஆகஸ்ட் 1-க்கு அவளுக்கு 21 ஆயிடும், தாராளமா எழுதலாம். இன்னிக்கு வயசை வச்சுப் பார்த்தா ரெண்டு பேருமே தப்பான முடிவுக்குப் போறாங்க, எதிரெதிர் திசையில.

தப்பா உள்ள வந்தவன் எப்படியும் ஒருநாள் வெளியே அனுப்பப்படுவான், அது எல்லாருக்கும் தெரியும். தப்பா வெளியவே நின்னுட்டவளைப் பத்தி யாருக்கும் தெரியாது. எனக்கு மெயில் போட்ட அந்தப் பொண்ணு ஒருத்தி. மெயில் போடாம ஃபார்மை மூடிட்டுப் போனவங்க எத்தனை பேர்னு என்கிட்ட கணக்கே இல்ல.

வாக்காளர் பட்டியல்ல இதே விஷயம் இன்னும் சுவாரசியமா இருக்கும். 18 ஆனா ஓட்டு. ஆனா எந்தத் தேதிக்கு 18? முன்னாடி வருஷத்துக்கு ஒரே ஒரு தகுதித் தேதிதான், ஜனவரி 1. ஜனவரி 2 பிறந்தவர் 18 முடிச்சும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காத்திருக்கணும். 2021-ல சட்டத்தைத் திருத்தி, 2022 ஆகஸ்ட் 1-லேர்ந்து நாலு தகுதித் தேதி ஆக்கினாங்க: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. வயசு வரம்பு 18 அப்படியே இருக்கு, மாறினது எண்ணுற தேதி மட்டும்தான். இப்போ 17 வயசு முடிஞ்சவங்களே படிவம் 6-ஐ முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். அந்த ஃபார்ம்ல யாராவது "வயது 18-க்குக் குறையக் கூடாது"ன்னு என்னை மாதிரி ஒரு செக் வச்சா, மொத்தத் திட்டமே படுத்துடும்.

சரி, எண்ணுற தேதி தெரிஞ்சா போதுமான்னா, இல்ல. அடுத்து வார்த்தை. "30 வயதுக்கு மிகாமல்"ன்னு ஒரு அறிவிப்புல போட்டிருந்தா, 30 வருஷம் 4 மாசம் ஆனவர் விண்ணப்பிக்கலாமா? நம்ம வீட்டுல கேட்டா "அவனுக்கு 30தானே"ன்னு சொல்லுவாங்க, ஏன்னா நாம முடிஞ்ச வருஷத்தை மட்டும்தான் சொல்லுவோம். அறிவிப்பு எழுதினவர் மனசுல இருக்கறது பெரும்பாலும் "30 நிரம்பியிருக்கக் கூடாது"ங்கறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு வருஷம் இருக்கு!

இதுல வங்கித் தேர்வு அறிவிப்புகள் ரொம்பத் தெளிவு. 2024-ல ஐபிபிஎஸ் நடத்தின பிஓ தேர்வுக்கு வயசு 20-லேர்ந்து 30, எண்ணுற தேதி ஆகஸ்ட் 1, 2024. அதோட நிறுத்தாம, 02.08.1994-க்கு முன்னால பிறந்திருக்கக் கூடாது, 01.08.2004-க்குப் பின்னால பிறந்திருக்கக் கூடாது, ரெண்டு நாளும் உள்ளடங்கும்னு போட்டாங்க. இப்போ வாதமே இல்ல. 1994 ஆகஸ்ட் 1 பிறந்தவருக்கு ஆகஸ்ட் 1 அன்னிக்கு சரியா 30, அவர் வெளிய. மறுநாள் பிறந்தவர் உள்ள. யூபிஎஸ்சியும் இப்படித்தான் எழுதும்: 2024-க்கு 1992 ஆகஸ்ட் 2-லேர்ந்து 2003 ஆகஸ்ட் 1 வரை. வயசுத் தளர்வு இருக்கறவங்களுக்கு அந்த முதல் தேதி மட்டும் பின்னால போகும். ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம். ரெண்டாவது தேதி யாருக்கும் நகராது, ஏன்னா குறைஞ்சபட்ச வயசுல தளர்வு கிடையாது.

அதனால நான் இப்போ எந்த அறிவிப்பைப் பார்த்தாலும் முதல்ல தேடுறது இந்தப் பிறந்த தேதி வரம்பைத்தான். அது இருந்தா வயசுக் கணக்கே போட வேண்டாம். உங்க பிறந்த தேதி அந்த ரெண்டு தேதிக்கு நடுவுல இருக்கான்னு பார்த்தா முடிஞ்சது.

அது இல்லாம வெறும் வார்த்தை மட்டும் இருந்தா, எல்லையில நிக்கறவங்க கொஞ்சம் கவனமா இருக்கணும். எல்லைன்னா நிஜமாவே ஒரு நாள் வித்தியாசம். இதுக்கு ஒரு உச்ச நீதிமன்ற வழக்கு இருக்கு. முதல் தடவை படிச்சப்போ எனக்கு அப்படியே தூக்கி வாரிப் போட்டுச்சு. பிரபு தயாள் சேஸ்மா எதிர் ராஜஸ்தான் அரசு, 1986 தீர்ப்பு. ராஜஸ்தான் அரசுப் பணித் தேர்வு. விதிப்படி 1984 ஜனவரி 1 அன்னிக்கு 28 வயசை எட்டியிருக்கக் கூடாது. அவர் பிறந்தது 1956 ஜனவரி 2.

நம்ம கணக்குல அவருக்கு அன்னிக்கு 27. மறுநாள்தான் 28-வது பிறந்தநாள். ஒரு நாள்ல தப்பிச்சார்னு சொல்லுவோம். நீதிமன்றம் அப்படிச் சொல்லல. ஒருத்தர் பிறந்த நாளை ஒரு முழு நாளா எண்ணணும், அப்படி எண்ணினா குறிப்பிட்ட வயசை அவர் எட்டுறது பிறந்தநாளுக்கு முந்தின நாள்ல, அதனால ஜனவரி 1 அன்னிக்கே இவர் 28-ஐ எட்டிட்டார், தகுதி இல்லைன்னு சொல்லிடுச்சு.

எப்படின்னு கொஞ்சம் நிதானமாப் பார்ப்போம். ஜனவரி 2 பிறந்த நாளை முதல் நாள்னு எண்ணுங்க. ஒரு முழு வருஷம் எந்த நாளோட முடியும்? அடுத்த ஜனவரி 1-ஓட முடியும். ஜனவரி 2, ரெண்டாவது வருஷத்தோட முதல் நாள். மாசக் காலண்டர் மாதிரிதான்: 1-ஆம் தேதி ஆரம்பிச்ச மாசம் அடுத்த 1-ஆம் தேதி முடியாது, அதுக்கு முந்தின நாளே முடிஞ்சிடும். அந்தக் கணக்குல 28 வருஷம் பூர்த்தியாகறது 1984 ஜனவரி 1-ல.

இது ஏதோ பழைய வழக்கோட போயிடுச்சுன்னு நெனக்காதீங்க. மத்திய அரசு ஊழியர்களுக்கு 60 வயசு நிரம்புற மாசத்தோட கடைசி நாள் ஓய்வு. ஆனா மாசத்தோட 1-ஆம் தேதி பிறந்தவங்களுக்கு மட்டும் முந்தின மாசக் கடைசி நாளே ஓய்வு. ஜூன் 1 பிறந்தவர் மே 31-லயே 60-ஐ முடிச்சிடறார்ங்கற அதே கணக்கு. உங்க வீட்டுல அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆன யாராவது 1-ஆம் தேதி பிறந்திருந்தா கேட்டுப் பாருங்க, ஒரு மாசச் சம்பளத்தை இந்த ஒரு நாள்ல விட்டதை இன்னும் புலம்புவாங்க.

இப்போ யூபிஎஸ்சி வரம்பைத் திரும்பப் பாருங்க. 32-ஐ எட்டியிருக்கக் கூடாது, எண்ணுற தேதி ஆகஸ்ட் 1. சேஸ்மா வழக்குக் கணக்கைப் போட்டா ஆகஸ்ட் 2 பிறந்தவர் வெளிய போகணும். ஆனா அறிவிக்கையிலேயே "ஆகஸ்ட் 2-க்கு முன்னால பிறந்திருக்கக் கூடாது"ன்னு தேதி போட்டிருக்கறதால அவர் உள்ள இருக்கார். அந்த ஒரு வரி ஒருத்தரோட கடைசி வாய்ப்பைக் காப்பாத்துது. அதனாலதான் சொல்றேன், வெறும் வயசு மட்டும் போட்டிருக்கற அறிவிப்புல, எண்ணுற தேதிக்கு மறுநாள் உங்க பிறந்தநாள் வந்துச்சுன்னா, ஊகிக்காதீங்க. ஒரு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க.

எண்ணுற தேதியே போடலைன்னா? இதுவும் நடக்கும், குறிப்பா சின்ன அமைப்புகளோட அறிவிப்புல. பொதுவா தகுதி எந்தத் தேதிக்குப் பார்க்கணும்ங்கறதுக்கு உச்ச நீதிமன்றம் ஒரு வரிசை சொல்லியிருக்கு. பணி விதிகள்ல ஒரு தேதி இருந்தா அது. இல்லைன்னா விளம்பரத்துல சொன்ன தேதி. அதுவும் இல்லைன்னா விண்ணப்பம் பெறக் கடைசி நாள். அரசு வேலைக்கு இது பொருந்தும். ஒரு தனியார் உதவித்தொகைக்கு இது கட்டாயம் இல்ல, ஆனா அவங்ககிட்ட கேக்கறதுக்கு நல்ல ஆரம்பம்: "கடைசி நாளை வச்சு எண்ணலாமா?"

இன்னொரு சங்கதி, நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். நிஜப் பிறந்தநாள் ஒண்ணு, சர்டிஃபிகேட் பிறந்தநாள் ஒண்ணு. எங்க அப்பா தலைமுறையில பாதிப் பேருக்கு பிறந்தநாள் மே, ஜூன்லதான் இருக்கும். ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் வசதிக்கு எழுதின தேதி. நம்ம தலைமுறையிலயும் ஒரு வருஷம் முன்ன பின்ன போட்டவங்க இருக்காங்க. தேர்வாணையங்கள் பார்க்கறது பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல இருக்கற தேதியை. கேக் வெட்டுற தேதியை வச்சு "எனக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கு"ன்னு கணக்குப் போடாதீங்க, அங்க அது செல்லாது.

சரி, இப்போ என் ஃபார்முக்கு வருவோம். அடுத்த வருஷம், 2025-ல, அதே அறக்கட்டளை திரும்பக் கூப்பிட்டாங்க. எனக்கே ஆச்சரியம். முதல் வேலையா பழைய டேட்டாவைத் திறந்தேன். அப்போதான் தப்போட முழு அளவு புரிஞ்சது. எல்லா விண்ணப்பத்துலயும் "29", "17", "22"ன்னு வெறும் எண் மட்டும் இருக்கு. பிறந்த தேதியை நான் வாங்கவே இல்ல. 17-ன்னு போட்டவங்கள்ல யாருக்கு ஜூலை 1-க்குள்ள 18 ஆகும், யாருக்கு ஆகாது? 29-ன்னு போட்டவங்கள்ல யார் தாண்டுவாங்க? எதையும் பின்னாடி கண்டுபிடிக்க முடியாது. அந்தத் திருநெல்வேலிக்காரர்கிட்ட பிறந்த தேதியை வாங்கியிருந்தா ஏப்ரல்லயே சொல்லியிருக்கலாம். பஸ் காசாவது மிச்சம்.

புது ஃபார்ம்ல வயது கட்டமே கிடையாது. பிறந்த தேதி மட்டும். விதி அதேதான், தேதி மட்டும் 2025 ஜூலை 1. அதை நானே உக்காந்து பிறந்த தேதி வரம்பா மாத்தினேன். 30 நிரம்பக் கூடாதுன்னா 1995 ஜூலை 1 பிறந்தவர் வெளிய, ஜூலை 2 பிறந்தவர் உள்ள. 18 நிரம்பணும்னா 2007 ஜூலை 1 வரைக்கும் பிறந்தவங்க உள்ள. இதை அறக்கட்டளைக்கு அனுப்பி, "இந்த ரெண்டு தேதியும் சரின்னு எழுதிக் கொடுங்க"ன்னு கேட்டேன். அவங்க ரெண்டு நாள் கலந்து பேசித்தான் பதில் சொன்னாங்க. ஜூலை 2 பிறந்தவரை என்ன பண்றதுன்னு அதுவரைக்கும் அவங்களே யோசிச்சதில்லையாம்.

அதுக்கப்புறம் நான் இன்னொரு குழியில விழுந்தேன். டெவலப்பர் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனிங்க, மத்தவங்க ஒரு நிமிஷம் பொறுத்துக்கோங்க. பிறந்த தேதியை ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு Date ஆக்கி, சர்வருக்கு அனுப்ப toISOString போட்டிருந்தேன். டெஸ்ட் பண்ண உதவின தோழி, எல்லையில இருக்கற தேதிகளை மட்டும் எடுத்து ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தா. 1995 ஜூலை 2 பிறந்தவர், அதாவது தகுதி இருக்கறவர், தள்ளுபடி ஆனார். காரணம் இதுதான்:

```js
new Date(1995, 6, 2).toISOString()
// "1995-07-01T18:30:00.000Z"
```

இந்தியாவுல ஜூலை 2 நள்ளிரவு 12 மணின்னா, உலகப் பொது நேரத்துல அது முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. அஞ்சரை மணி நேர வித்தியாசம். அதுலேர்ந்து முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தா ஜூலை 1-ன்னு வரும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நாள் கூடுதலா வயசாகிடுது. நடுவுல பிறந்த ஆயிரம் பேருக்கு இதுல ஒண்ணும் தெரியாது, அதனால பக் வெளியவே வராது. ஜூலை 2 பிறந்தவங்களை மட்டும் கடிக்கும். கீழ் முனையில தலைகீழ்: 2007 ஜூலை 2 பிறந்தவர், தகுதி இல்லாதவர், உள்ள வந்துடுவார். ஒரே நாள் பிறந்தநாள், ஒரு முனையில அநியாயம், இன்னொரு முனையில சலுகை.

பிறந்த தேதிக்கு மணி கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. அதை மணிக்கணக்கோட சேர்த்ததே தப்பு. தேதி உள்ளீட்டுக் கட்டம் கொடுக்கற எழுத்தை அப்படியே வச்சு ஒப்பிட்டாப் போதும்:

```js
const ok = dob >= "1995-07-02" && dob <= "2007-07-01";
```

வருஷம், மாசம், நாள்ங்கற வரிசையில, முன்னால பூஜ்யம் சேர்த்து எழுதினா, எழுத்து வரிசையும் தேதி வரிசையும் ஒண்ணுதான். 365-ஆல வகுக்கறது, 365.25-ஆல வகுக்கறது எதுவும் வேண்டாம். அப்படி வகுத்தா லீப் வருஷத்தால மறுபடி எல்லையில ஒரு நாள் ஆடும். எக்செல்ல வேலை செய்யறவங்களும் TODAY() போட்டு வயசு எடுக்காதீங்க. ஷீட்டை அடுத்த மாசம் திறந்தா எல்லாரோட வயசும் மாறியிருக்கும். எண்ணுற தேதியை ஒரு செல்ல எழுதி வச்சு அதோட கணக்குப் போடுங்க:

```
=DATEDIF(A2, DATE(2025,7,1), "Y")
```

கடைசியா ஒண்ணு சேர்த்தோம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தேதியைப் போட்டவுடனே ஃபார்ம் ஒரு வாக்கியம் காட்டும்: "நீங்கள் பிறந்தது 11 ஜூன் 2006. 1 ஜூலை 2025 அன்று உங்கள் வயது 19 ஆண்டு 0 மாதம் 20 நாள். இது சரியா?" மாசத்தை எழுத்துல போட்டதுக்குக் காரணம் இருக்கு. 02/07-ங்கறதை ஜூலை 2-ன்னு படிக்கறவங்களும் உண்டு, பிப்ரவரி 7-ன்னு படிக்கற ஃபோனும் உண்டு. வாக்கியத்துல எண்ணுற தேதியே இருக்கறதால, "எனக்கு இன்னும் ஆகலையே, ஏன் 18 காட்டுது"ன்னு யாரும் குழம்பல. தகுதி இல்லைன்னா, எந்தத் தேதிக்கு எத்தனை நாள்ல தவறுதுன்னும் அங்கேயே சொல்லிடும். சமர்ப்பிக்க விடாது, ஆனா "சான்றிதழ்ல வேற தேதி இருந்தா எங்களுக்கு எழுதுங்க"ன்னு ஒரு மெயில் முகவரி கொடுக்கும்.

அந்தப் பொண்ணு, ஜூன் 11 பிறந்தவ, 2024-லயே உள்ள வந்துட்டா. என் அஞ்சு நிமிஷ ஒட்டு அவளுக்கு மட்டும் உதவுச்சு. திருநெல்வேலிக்காரருக்காக அறக்கட்டளைகிட்ட ஒரு தடவை பேசிப் பார்த்தேன். ஃபார்ம் தப்பா ஏத்துக்கிட்டதுக்காக விதியைத் தளர்த்த முடியாதுன்னு சொன்னாங்க. அப்படிச் செஞ்சா, 30 ஆயிடுச்சுன்னு விதியைப் படிச்சு விண்ணப்பிக்காமலே இருந்தவங்களுக்கு அநியாயம்னாங்க. என்னால மறுத்துப் பேச முடியல. பஸ் டிக்கெட் காசை நான் அனுப்பினேன், அவர் திருப்பி அனுப்பிட்டார். கூடவே ஒரு மெசேஜ்: "தம்பிக்கு 2025-ல போடணும், அவன் 1997 ஜூலை. அவனுக்கு ஆகுமான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்." 2025 ஜூலை 1-க்கு எந்த ஜூலை நாளா இருந்தாலும் அவனுக்கு 30 ஆக ரெண்டு வருஷத்துக்குக் குறையாம இருக்கு. ஆகும்னு சொன்னேன்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.